முன் டயர் சொன்ன பொய்

மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. வைப்பர்களைக்கூட நிறுத்திவிட்டேன். நான்கு வழிச் சாலை, முன்னால் நூறு மீட்டருக்கு ஒரு வண்டி இல்லை, மீட்டரில் 85. பக்கத்து சீட்டில் மச்சான் போனைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வலது பக்கம் மெல்ல வளையும் ஒரு வளைவு வந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினேன். வண்டியின் மூக்கு சொன்னபடி திரும்பியது. திரும்பியது மட்டுமல்ல, நான் கேட்டதற்கு மேல் திரும்பிக்கொண்டே போனது.

பின்பக்கம் வெளியே போகிறது என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்பே என் கால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு பிரேக்குக்குப் போய்விட்டது. அப்புறம் நடந்ததை நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது, உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். சாலை, மரம், வந்த வழி, மறுபடி மரம். வண்டி நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் யாரும் வரவில்லை. எதிலும் இடிக்கவில்லை.

"என்ன மச்சான், பிரேக் போயிடுச்சா?" என்று கேட்டான் அவன்.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என்னிடமும் பதில் இல்லை. டயர் தண்ணீரில் மிதப்பதைப் பற்றி, அதாவது ஹைட்ரோபிளேனிங் பற்றி, எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும், நாம் திருப்பினாலும் திரும்பாது. எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். ஸ்டியரிங் கல் மாதிரி உறுதியாக இருந்தது. இதில் இருந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். ஓடும் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை நீட்டினால் காற்று கையைத் தள்ளும். வேகம் இரட்டித்தால் அந்தத் தள்ளல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். தண்ணீருக்கும் அதே கணக்குதான், ஆனால் தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு கனமானது. டயர் தேங்கிய தண்ணீரில் நுழையும்போது அதன் முன்விளிம்பில் தண்ணீர் மோதி ஓர் ஆப்பு போல டயருக்கும் தாருக்கும் நடுவே நுழையப் பார்க்கிறது. வண்டியின் எடை டயரைக் கீழே அழுத்துகிறது, தண்ணீர் மேலே தள்ளுகிறது. மெதுவாகப் போனால் எடை ஜெயிக்கும், தண்ணீர் ஒதுங்கி வழிவிடும். வேகம் கூடக் கூட ஆப்பு பின்னோக்கி நீளும்.

டயரின் அடியில் தரையைத் தொடும் அந்தச் சின்ன இடத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். முன்பகுதியில் முழுக்கத் தண்ணீர், ரப்பர் தாரைத் தொடவே இல்லை. நடுவில் தொட்டும் தொடாமலும் ஒரு மெல்லிய படலம். பின்பகுதியில்தான் ரப்பர் தாரோடு நேராக உரசுகிறது. வண்டி திரும்புவது, நிற்பது எல்லாம் இந்தக் கடைசிப் பகுதியின் தயவில்தான். வேகம் ஏற ஏற முதல் பகுதி வளர்ந்து கடைசிப் பகுதியைத் தின்னும். அது முழுதாகத் தின்று முடித்த நிலைதான் முழு மிதப்பு. ஆனால் அதற்கு வெகு முன்பே, பாதி தின்ற நிலையிலேயே, பக்கவாட்டுப் பிடிமானம் பெரும்பாலும் போய்விடும். நேராகப் போகும்போது இந்தப் பாதி மிதப்பு தெரியவே தெரியாது. வளைவில் தெரியும். எனக்குத் தெரிந்த மாதிரி.

இதற்கு நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். தரையைத் தொடும் பகுதியின் நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஆக, டயரின் ஒரு துண்டு தரையோடு இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு. அதற்குள் அடியில் இருக்கிற தண்ணீர் எங்காவது போயாக வேண்டும்.

எங்கே போகும்? இங்கேதான் பட்டன் வருகிறது. டயர் பட்டன் என்று நாம் சொல்வதில் ரப்பர் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. காய்ந்த சாலையில் மேட்டுக்குத்தான் வேலை. பள்ளத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சொல்லப்போனால் பள்ளமே இல்லாத வழவழ டயர்தான் காய்ந்த தாரில் நன்றாகப் பிடிக்கும். பந்தய வண்டிகளில் அதனால்தான் அப்படிப் போடுகிறார்கள். பள்ளம் இருப்பது முழுக்க முழுக்கத் தண்ணீருக்காக.

என் வண்டியின் டயரையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரையில் படியும் அகலம் சுமார் 150 மில்லிமீட்டர். சுற்றிவர நான்கு நீளப் பள்ளங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலம். புது டயரில் ஆழம் ஏழரை மில்லிமீட்டர். சாலையில் 4 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு டயருக்கு எதிரே நொடிக்கு 13 லிட்டர் தண்ணீர் வருகிறது. ஒரு வாளி தண்ணீர், ஒரே நொடியில். அதில் புது டயரின் நான்கு பள்ளங்கள் மட்டும் 6 லிட்டரை விழுங்கிப் பின்னால் விட்டுவிடும். மீதியைப் பக்கவாட்டு வெட்டுகள் வழியாகவும் முன்னால் தெறிக்கவிட்டும் சமாளித்துவிடலாம்.

அதே டயர் தேய்ந்து பள்ளம் 2.2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதே நான்கு பள்ளங்கள் விழுங்குவது இரண்டு லிட்டருக்கும் குறைவு. வரும் 13 லிட்டரில் 11 லிட்டர் வழி தேடி நிற்கும். பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடு ஒன்று இருக்கும், தேய்மான எல்லையைக் காட்டுவதற்கு. அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டோடு சமமாகும்வரை ஓட்டலாம் என்று பலரும் எண்ணுகிறோம், பல நாட்டுச் சட்டங்களும் அதையே எல்லையாக வைத்திருக்கின்றன. காய்ந்த சாலைக்கு அது சரி. தேங்கிய தண்ணீருக்கு அந்த எல்லை வருவதற்கு முன்பே டயர் தோற்றுப்போய்விடுகிறது. என் பின் டயர்கள் 2.2-ல் இருந்தன. "இன்னும் ஐயாயிரம் ஓடும்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்த டயர்கள்.

மெக்கானிக்கிடம் டயரைக் காட்டும்போது அவர் நகத்தை விட்டுப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகத்தில் ஆழம் தெரியாது. ஆழமானி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, பள்ளத்தில் ஊசியை விட்டால் மில்லிமீட்டர் காட்டும். ஒரே இடத்தில் பார்க்காமல் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் பார்க்க வேண்டும். என் டயரில் நடுவில் 2.8, இரண்டு ஓரத்திலும் 2.2. இந்த வித்தியாசமே ஒரு வாக்குமூலம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நடுவைவிட ஓரம் அதிகம் தேய்ந்தால் அந்த டயர் ரொம்ப நாளாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு சூத்திரம். 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் ஜெட் விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் நிற்காமல் வழுக்கிப்போவது பெரிய தலைவலியாக இருந்தது. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் விமான டயர்களைத் தண்ணீர்த் தொட்டிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1963-ல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையில் ஒரு விஷயம் எல்லோரையும் வியக்கவைத்தது. டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது விமானத்தின் எடை அல்ல, டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம். கிலோமீட்டருக்கு மாற்றினால் அந்தச் சூத்திரம் இப்படி வரும்:

```
V = 16.7 × √p
```

V என்பது மணிக்குக் கிலோமீட்டர், p என்பது டயர் அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில். எடை ஏன் வரவில்லை என்று கேட்கலாம். எடை கூடினால் டயர் இன்னும் கொஞ்சம் அமுங்கித் தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. எடையைப் பரப்பால் வகுத்தால் ஏறக்குறைய அதே எண்தான் வரும், அது ஏறக்குறைய உள்ளே இருக்கிற காற்றழுத்தம்தான். ஆக, தண்ணீர் தோற்கடிக்க வேண்டியது வண்டியின் கனத்தை அல்ல, டயரின் காற்றை.

என் வண்டிக்குக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. 33-க்குக் கணக்குப் போட்டால் 96 கிலோமீட்டர். சம்பவத்துக்கு மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது பின் டயர்களை அளந்தேன். ஒன்றில் 27, இன்னொன்றில் 25. 25-க்கு வருவது 83 கிலோமீட்டர். என் மீட்டரில் 85 இருந்தது. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று முதலில் துள்ளினேன். அப்புறம் யோசித்தால் அவ்வளவு கச்சிதம் இல்லை. ஸ்பீடோமீட்டர்கள் வழக்கமாக உண்மையைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். உண்மை வேகம் 80-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். சூத்திரம் சொல்லும் எல்லைக்குக் கீழேயே என் வண்டி சுழன்றிருக்கிறது.

இரண்டு விஷயங்களை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். ஒன்று, சூத்திரம் சொல்வது முழு மிதப்பின் வேகம். வளைவில் வண்டியைச் சுழற்றிவிட முழு மிதப்பு தேவையில்லை என்று மேலேயே சொன்னேன். இன்னொன்று, இந்தச் சூத்திரம் விமான டயருக்குப் போட்டது. லாரிகளுக்கு வந்தபோது அது தடுமாறியது. லாரி டயரில் 100 பிஎஸ்ஐ இருக்கும், கணக்குப்படி 167 கிலோமீட்டர் வரை மிதக்கவே கூடாது. ஆனால் சரக்கில்லாத காலி லாரிகள் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்திலேயே ஈரச் சாலையில் வழுக்கின. ஹார்ன் 1980-களில் மறுபடி இதை எடுத்துப் பார்த்து, தரையைத் தொடும் பரப்பின் வடிவத்தையும் கணக்கில் சேர்த்தார். சுமை இல்லாதபோது லாரி டயரின் தடம் அகலமாகவும் குட்டையாகவும் ஆகிவிடுகிறது. தண்ணீரை ஓரம் தள்ள அகலம் முழுக்கக் கடக்க வேண்டும், ஆனால் அதற்குக் கிடைக்கும் நீளம் குறைவு, அதனால் நேரமும் குறைவு. நீண்டு ஒடுங்கிய தடம் படகின் மூக்கு மாதிரி தண்ணீரைக் கிழிக்கும், அகலக் குட்டைத் தடம் பலகை மாதிரி மேலே ஏறும். பைக் டயர் காரைவிட மிதப்புக்குக் குறைவாக மாட்டுவதும், பார்வைக்கு ஜம்மென்று இருக்கட்டும் என்று கம்பெனி அளவைவிட அகலமான டயர் போட்டவர்கள் மழையில் முதலில் மாட்டுவதும் இதனால்தான். பைக்குக்கு மழையில் வேறு ஆபத்துகள் உண்டு, அது தனிக் கதை.

என் வண்டியில் அன்று இரண்டே பேர், இருவரும் முன்சீட்டில். இன்ஜினும் முன்னால். பின்சீட்டும் டிக்கியும் காலி. பின்பக்கம் ஒரு குட்டிக் காலி லாரி மாதிரிதான் இருந்திருக்கிறது.

சரி, 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 எப்படி வந்தது? பஞ்சர் இல்லை, வால்வில் கசிவு இல்லை. இரண்டு மாதம் முன்பு வெயில் நாளில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் காற்றடிக்கும் இடத்தில் நிறுத்தினேன். பின் டயரில் 37 காட்டியது. "கூட இருக்குங்க, குறைச்சிரட்டுமா?" என்று கேட்டார். "33 வைங்க" என்றேன், விவரம் தெரிந்தவன் மாதிரி. ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. சூட்டில் 33 வைத்தால் ஆறியபின் 29. அதன்பின் டயர் தானாக மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ இழக்கும். மழைக்காலம் வந்து வெப்பம் குறையும்போது ஐந்தாறு டிகிரிக்கு ஒன்று என்று இன்னும் இறங்கும். 25 அப்படித்தான் வந்தது. யாரும் திருடவில்லை, நானே கேட்டு இறக்கியது. அதற்கு முன்னும் பல தடவை இதையே செய்திருக்கிறேன் என்பதற்குத்தான் டயரின் ஓரங்கள் சாட்சி.

காற்று குறைந்தால் நடப்பது சூத்திரத்தில் வரும் இழப்பு மட்டுமல்ல. தளர்ந்த டயரில் எடையை இரண்டு ஓரங்களும் தாங்குகின்றன, நடுப்பகுதி லேசாக மேலே குழிகிறது. தண்ணீரில் போகும்போது அந்தக் குழிக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். ஓரங்கள் இரண்டும் வரப்பு மாதிரி நின்று அதை வெளியே போகவிடாது. பள்ளங்களும் நெரிந்து வாய் சுருங்கும். வாய்க்கால் குறைவாக இருக்கிற டயரில் இருக்கிற வாய்க்காலையும் அடைத்துவிட்ட கதை.

"மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கிரிப் கூடும்" என்று சொல்லும் ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். மணலில் அது உண்மை, அங்கே பரப்பு கூடினால் டயர் புதையாது. சேற்றிலும் ஓரளவு உதவும். தண்ணீர் நிற்கும் தார்ச்சாலையில் அது தலைகீழ். அதற்காக 33 கேட்கும் டயரில் 40 அடிக்கவும் வேண்டாம். வர்க்கமூலம் என்பதால் கூடுதல் காற்றால் வரும் ஆதாயம் சொற்பம், 33-ஐ 36 ஆக்கினால் 96 என்பது 100 ஆகும், அவ்வளவுதான். தரையைத் தொடும் பரப்பு சுருங்கி மற்ற நேரத்துப் பிடிமானம் குறைவதுதான் மிச்சம்.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். ஸ்டியரிங் ஏன் எச்சரிக்கவில்லை?

மூன்று மாதம் முன்பு இரண்டு புது டயர் வாங்கினேன். நான்கும் மாற்றக் கையில் பணமில்லை. கடையில் "முன்னாடி போட்டுரலாமா சார்?" என்று கேட்டார்கள், நானும் ஆமாம் என்றேன். இன்ஜின் இழுப்பது முன்சக்கரம், திரும்புவது முன்சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கு முன்சக்கரம், அப்புறம் புது டயரை வேறு எங்கே போடுவது? கேட்டவர் பிழையும் இல்லை, எல்லோரும் கேட்பதுதான்.

நேராகத் தண்ணீருக்குள் போகும்போது முன்டயர் தண்ணீரை ஒதுக்கித் தடம் போட்டுக் கொடுக்கிறது, பின்டயர் அந்தத் தடத்தில் வருகிறது. அதனால் நான்கும் ஒரே மாதிரித் தேய்ந்த வண்டியில் முதலில் மிதப்பது முன்டயர். ஸ்டியரிங் லேசாகும், நமக்குத் தெரியும், காலை எடுப்போம், வேகம் குறையும், பின்பக்கம் காப்பாற்றப்படும். எல்லோரும் சொல்லும் அறிகுறி இந்த வரிசையை நம்பித்தான் இருக்கிறது. என் வண்டியில் நான் வரிசையைக் கலைத்துவிட்டேன். முன்னால் ஏழரை மில்லிமீட்டர் பள்ளம், நல்ல காற்று. அவை அன்று கிட்டத்தட்ட மிதக்கவே இல்லை. நொடிக்கு 6 லிட்டரை விழுங்கிக்கொண்டு, ஸ்டியரிங் வழியாக என் கைக்கு "சாலை நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தன. அவற்றைப் பொறுத்தவரை அது உண்மைதான். பின்னால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

வளைவில் திருப்பியதும் முன்டயர்கள் முழுப் பலத்தோடு மூக்கை உள்ளே இழுத்தன. பின்டயர்கள் தங்கள் பங்குக்குப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பாதி மிதப்பில் இருந்தவற்றால் முடியவில்லை. நான் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டதும் எடை முன்னால் சாய்ந்து, ஏற்கெனவே லேசாக இருந்த பின்பக்கம் இன்னும் லேசானது. பிரேக் அழுத்தியது அதற்கு மேல். ஏபிஎஸ் இருந்தது, வேலையும் செய்தது, காலடியில் கடகடவென்று உதைத்தது. ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதற்குத்தான், இல்லாத பிடிமானத்தை உண்டாக்க அதனால் முடியாது.

முன்பக்கம் மிதந்தால் வண்டி நேராகப் போகும், வளைவுக்கு வெளியே போகும். பயமாக இருக்கும், ஆனால் வேகம் குறைந்ததும் பிடி திரும்பக் கிடைக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடாதது ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்புவது. பிடி திரும்பும் நொடியில் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி பாயும். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தி, ஸ்டியரிங்கைப் போகும் திசைக்கு நேராகப் பிடித்துக் காத்திருப்பதுதான் வழி. பின்பக்கம் மிதந்தால் காத்திருக்க நேரமே கிடையாது. எந்தப் பக்கம் பின்பகுதி போகிறதோ அந்தப் பக்கம் உடனே எதிர்த்துத் திருப்ப வேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. பழகியவர்களே சில சமயம் தவறவிடும் வித்தை அது. அதனால்தான் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் நல்லது பின்னால் இருக்க வேண்டும் என்று டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டி என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு இது ஏறவே இல்லை, அந்த வளைவைப் பார்க்கும் வரை.

பிரேக் பற்றி இன்னும் ஒன்று. நாசா சோதனைகளில், சுழன்றுகொண்டிருக்கும் டயருக்கும் சுழலாமல் நிற்கும் டயருக்கும் மிதப்பு வேகம் வேறு வேறாக வந்தது. நிற்கும் டயர் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். என் 25 பிஎஸ்ஐ டயருக்கு 83 என்பது 71 ஆகிவிடும். மிதக்கும் சக்கரத்தைத் தண்ணீரே சுழலவிடாமல் மெதுவாக்கும், அதற்கு மேல் நாமும் பிரேக்கில் பூட்டிவிட்டால், ஏறியது 83-ல் என்றாலும் இறங்க 71 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சம்பவம் நடந்த இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையோடு போய்ப் பார்த்தேன். ஓரமாக நிறுத்திக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சானுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும், வண்டியிலிருந்து இறங்கவில்லை. நேர்ச்சாலையில் தண்ணீர் வழக்கம்போல ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேராக இருக்கும் இடத்தில் சாலை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், நூறுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவில். வளைவுக்குள் போனால் சாலை முழுவதும் வளைவின் உள்பக்கம் சரிந்திருக்க வேண்டும், வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்க. ஒரு பக்கச் சரிவு மறுபக்கச் சரிவாக மாற வேண்டுமென்றால் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சரிவே இல்லாத தட்டை ஒன்று இருந்தே தீரும். அந்த இடம் வளைவின் வாசலில்தான் இருக்கும். அங்கே தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. நான் பார்த்தபோது ஒரு வாழைச் சருகு அந்தத் தட்டையில் மிதந்து, சாலையின் நீளவாக்கில் கொஞ்சம் போய், நின்று, மறுபடி கொஞ்சம் போனது. போதாததற்குக் கனரக வண்டிகள் அமுக்கிய இரண்டு தடங்களும் வாய்க்கால் போல நிறைந்திருந்தன. நான் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கிய அதே இடம்.

ஓட்டும்போது அதைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கலாம். ஈரமான தார் மங்கலாக, சொரசொரப்பாகத் தெரியும். தண்ணீர் நிற்கும் தார் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும். முன்னால் போகும் வண்டியின் டயர் விட்டுச்செல்லும் தடம் தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் கொஞ்சம்தான். போட்ட மாத்திரத்தில் தடம் மூடிக்கொண்டால் அங்கே ஆழம் இருக்கிறது. முதல் மழையின்போது எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்குமே, அது வேறு. அதற்குத் தேங்கிய தண்ணீரே வேண்டாம், மெதுவாகப் போனாலும் வழுக்கும். மழை விட்ட பிறகு பயமில்லை என்று நான் நினைத்தது அந்த வழுக்கலை மனதில் வைத்துத்தான். தேங்கிய தண்ணீர் மழை விட்டதும் போய்விடுவதில்லை.

அடுத்த வாரம் டயர்களை மாற்றிப் போட்டேன். புதியவை பின்னால், பழையவை முன்னால். கடைக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார், "பின்னாடியா சார்?" என்று. ஆறிய டயரில் நான்கிலும் 33 வைத்தேன், இந்தத் தடவை வீட்டு வாசலில், என் சொந்த மானியை வைத்து. பழையவற்றை முன்னால் போட்டால் முன்பக்கம் மிதக்காதா என்றால், மிதக்கும். அவற்றையும் மாற்றப் பணம் சேரும்வரை மழையில் 60-க்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து அதே சாலை, நல்ல மழை. வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைத்து 60-ல் போனேன். தட்டையில் ஏறியதும் வண்டியின் அடியில் தண்ணீர் அறையும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஸ்டியரிங்கில் ஒரு சின்னத் தளர்ச்சி, கையில் இருந்த கனத்தை யாரோ அரை நொடி வாங்கிக்கொண்டது போல. காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். கனம் திரும்ப வந்தது, வண்டி வளைவுக்குள் போனது. மச்சான் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.